வாய்ஸ் சாட்டில் கத்தல் அடங்க: ஹெட்செட் சைடுடோனை எங்கே, எவ்வளவு வைப்பது

கேள்வி: தம்பி ராத்திரி ஹெட்செட் மாட்டிக்கொண்டு வேலரண்ட் ஆடும்போது வீடே அதிரக் கத்துகிறான். கேட்டால் "நான் சாதாரணமாத்தான் பேசுறேன்" என்கிறான். சைடுடோன் வைத்தால் சரியாகும் என்றார்கள். விண்டோஸில் Listen to this device-ஐ டிக் செய்து பார்த்தோம், இன்னும் மோசமாகிவிட்டது. காது முழுக்க மூடும் யூஎஸ்பி ஹெட்செட், விண்டோஸ் 11, டிஸ்கார்டும் ஓடும். என்ன செய்வது?

பதில்:

முதலில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். சைடுடோன் என்பது நம் குரலை ஹெட்செட் வழியாக நமக்கே கேட்க வைப்பது. அந்த டிக்கும் அதே வேலையைத்தான் செய்யப் பார்க்கிறது, ஆனால் தாமதமாகச் செய்கிறது. தாமதமாக வரும் சொந்தக் குரல் பேசுபவரைக் குழப்பும், குரலை இன்னும் உயர்த்தவும் வைக்கும். உங்களுக்குத் தேவை ஹெட்செட்டுக்குள்ளேயே மைக்கிலிருந்து காதுக்கு நேராகப் போகும் வழி. அது உங்கள் ஹெட்செட்டில் இருக்கிறதா, இருந்தால் எந்த அளவில் வைப்பது என்பதைப் பார்ப்போம்.

தம்பி பொய் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் பேசும்போது நம் குரல் நம் காதுக்கு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, வாயிலிருந்து கிளம்பிக் காற்று வழியாகக் காதுக்குள் நுழைவது. மற்றது, மண்டை எலும்பு வழியாக உள்ளே போவது. காதை மூடும் ஹெட்செட் காற்று வழியை அடைத்துவிடுகிறது. ச, ட, ப போன்ற எழுத்துகளின் கூர்மை அந்த வழியில்தான் வருகிறது, அதனால் அதுதான் முதலில் போகும். காது மூடியிருப்பதால் எலும்பு வழி வரும் அடித்தொனி மட்டும் கூடி, பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போலக் கேட்கும். அதன் மேல் துப்பாக்கிச் சத்தம் வேறு. குரல் போதவில்லை என்று மூளை முடிவு செய்து தானாகவே ஏற்றிவிடுகிறது, பேசுபவருக்குத் தெரியாமல். எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு காது-மூக்கு-தொண்டை மருத்துவர் 1911-ல் இதைப் பற்றி எழுதினார். அவர் பெயரால் இது லொம்பார் விளைவு என்று அழைக்கப்படுகிறது.

"மெதுவாப் பேசுடா" என்று எத்தனை முறை சொன்னாலும் ஐந்து நிமிடத்தில் பழையபடி ஆகிவிடுவது இதனால்தான். குரலை ஏற்றாமல் பேசுங்கள் என்று சொல்லி மட்டும் இந்த விளைவை அடக்க முடிகிறதா என்று 1989-ல் சோதித்துப் பார்த்தார்கள். வாய்ச்சொல் போதவில்லை. காது தனக்குக் கிடைப்பதை வைத்துத்தான் கணக்குப் போடும், ஆகவே காதுக்குக் கிடைப்பதை மாற்ற வேண்டும். தொலைபேசியில் ஆரம்பத்திலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. ரிசீவரில் நம் குரல் கொஞ்சம் நமக்கே கேட்கும், அதற்குப் பெயர்தான் சைடுடோன். அது கூடினால் பேசுபவர் குரலைத் தணிப்பார், குறைந்தால் ஏற்றுவார்.

இனி Listen to this device ஏன் கெடுத்தது என்று பார்ப்போம். அந்த டிக்கைப் போட்டதும் மைக் ஒலி யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போய், விண்டோஸின் ஒலி அமைப்புக்குள் ஒவ்வொரு கட்டமாகக் காத்திருந்து, மறுபடி யூஎஸ்பி வழியாகக் காதுக்குத் திரும்புகிறது. இதில் பல பத்து மில்லிசெகண்டுகள் போய்விடும், சில கணினிகளில் நூறையும் தாண்டும். 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு தெரியாது. அதற்கு மேலே போகப்போக எதிரொலி போலக் கேட்கத் தொடங்கும். 200 மில்லிசெகண்டு அளவில் பேச்சே தடுமாறும், நாக்கு குழறும், குரலும் உயரும். பெர்னார்ட் லீ 1950-ல் இந்தத் தடுமாற்றத்தைப் பதிவு செய்தார். வேலரண்ட் ஆடியோ செட்டிங்கில் உள்ள Loopback Test-உம் டிஸ்கார்டின் Mic Test-உம் இதே தாமத வகைதான். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள், ஆடும்போது அணைத்து வையுங்கள்.

எது உண்மையான சைடுடோன் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மைக் நுனியை விரல் நகத்தால் ஒரு முறை தட்டுங்கள். நகம் படுவதும் காதில் "டக்" என்று கேட்பதும் ஒன்றாக நடந்தால் அது ஹெட்செட்டுக்குள்ளேயே நடக்கும் சைடுடோன். தட்டி முடித்த பிறகு "டக்" தனியாக வந்தால் ஒலி கம்ப்யூட்டரைச் சுற்றி வருகிறது. இரண்டு முறை "டக் டக்" என்று கேட்டால் இரண்டுமே ஒரே நேரத்தில் ஓடுகின்றன, ஏதோ ஒரு இடத்தில் அந்த டிக் இன்னும் இருக்கிறது.

இப்போது சைடுடோனைத் தேடுவோம். விண்டோஸ் கீயையும் R-ஐயும் சேர்த்து அழுத்தி இதை டைப் செய்யுங்கள்:

```
mmsys.cpl
```

பழைய Sound பெட்டி திறக்கும். Recording பகுதிக்குப் போகாதீர்கள். Playback பகுதியில் உங்கள் ஹெட்செட்டின் மேல் ரைட் கிளிக் செய்து Properties, அதில் Levels. அங்கே ஹெட்ஃபோனுக்கான ஸ்லைடருக்குக் கீழே Microphone அல்லது Sidetone என்ற பெயரில் இன்னொரு ஸ்லைடர் இருந்தால், அதுதான் நீங்கள் தேடுவது. மைக்கின் பெயர் ஒலி வெளியே வரும் பக்கத்தில் ஏன் இருக்கிறது என்று பலர் குழம்பி அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது மைக் அளவு இல்லை, மைக்கிலிருந்து காதுக்குத் திருப்பி விடும் அளவு. பெரும்பாலும் பக்கத்து ஸ்பீக்கர் ஐகானில் சிவப்புக் குறியோடு மியூட்டில் இருக்கும். அதை ஒரு கிளிக்கில் எடுத்துவிட்டு ஸ்லைடரை 30-ல் வைத்து நகச் சோதனையைச் செய்து பாருங்கள்.

அந்த ஸ்லைடர் இல்லையென்றால் தயாரிப்பாளரின் மென்பொருளில் தேடுங்கள். லாஜிடெக்குக்கு G HUB, ரேசருக்கு Synapse, ஸ்டீல்சீரிஸுக்கு GG, கோர்சேருக்கு iCUE. இவற்றிலெல்லாம் Sidetone என்றே இருக்கும். ஹைப்பர்எக்ஸின் NGENUITY-யில் Mic Monitoring என்று இருக்கும். சில வயர்லெஸ் ஹெட்செட்டுகளில் மென்பொருளே வேண்டாம், மைக் மியூட் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் இயங்கும், ஆனால் அளவைக் கூட்டிக் குறைக்க முடியாது. எங்குமே இல்லையென்றால் அந்த ஹெட்செட்டில் அந்த வழியே கிடையாது. டிரைவரை மாற்றியோ வேறு மென்பொருள் போட்டோ அதை வரவழைக்க முடியாது.

ஸ்லைடர் கிடைத்ததும் நேராக அதை ஏற்ற வேண்டாம். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, மைக் அளவு. கத்துபவர்களில் கணிசமானவர்கள் ஒரு காலத்தில் "கேட்கலடா, சத்தமாப் பேசு" என்று டீமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். மைக் அளவு குறைவாக இருக்கும், அல்லது டிஸ்கார்டின் Input Sensitivity தவறான இடத்தில் இருந்து மெல்லப் பேசினால் வார்த்தையின் தலையையும் வாலையும் வெட்டியிருக்கும். அவர்களுக்குச் சைடுடோன் கொடுத்துக் குரலைத் தணிய வைத்தால் டீமுக்கு ஒன்றும் கேட்காது, மறுபடி கத்தல் தொடங்கும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் வாய் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். பிறகு அதே Sound பெட்டியின் Recording பகுதியில் மைக் பெயருக்குப் பக்கத்தில் எழும் பச்சைக் கோடுகளைப் பாருங்கள். அறையில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் குரலில் பேசினால் பாதிக்குச் சற்று மேலே போக வேண்டும். போகாவிட்டால் மைக்கின் Levels-ல் அளவை ஏற்றுங்கள். டிஸ்கார்டில் தானாகத் தீர்மானிக்கும் வசதியை அணைத்துவிட்டு, கீபோர்டு சத்தம் கோட்டைத் தாண்டாமல், மெல்லிய பேச்சு தாண்டும்படி ஸ்லைடரை நகர்த்துங்கள். சில ஹெட்செட்டுகளில் மைக் அளவை ஏற்றினால் சைடுடோனும் கூடவே ஏறும். மைக்கை முதலில் முடிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, கேம் சத்தம். லொம்பார் விளைவின் மூல காரணமே அதுதான். அதைக் குறைக்காமல் சைடுடோனை மட்டும் ஏற்றினால் இரண்டும் போட்டி போட்டுக் காதைத்தான் பதம் பார்க்கும். மற்றவர்களின் பேச்சு சத்தமில்லாமல் கேட்கிறது என்பதற்காக மொத்த வால்யூமையும் ஏற்றி வைத்திருப்பவர்கள் அதிகம். அதற்குப் பதில் மொத்த வால்யூமைக் குறைத்து டிஸ்கார்டில் அந்த நபரின் வால்யூமை மட்டும் ஏற்றலாம். டிஸ்கார்டின் Attenuation பகுதியில், நாம் பேசும்போது மற்ற ஆப்புகளின் சத்தத்தைக் குறைக்கும் வசதி உண்டு. ஆனால் அந்த நேரத்தில் காலடிச் சத்தமும் சேர்ந்து அமுங்கும், அதனால் வேலரண்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கதை ஓட்டத்தோடு ஆடும் கேம்களுக்குச் சரி.

இப்போது அளவு. "50-ல் வை" என்று யாராவது சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. ஒரு ஹெட்செட்டின் 50 இன்னொன்றின் 20-க்குச் சமமாக இருக்கலாம். குறி ஒன்றுதான்: ஹெட்செட் இல்லாமல் பேசும்போது வரும் அதே குரல் அளவு, ஹெட்செட் போட்டுக் கேம் ஓடும்போதும் வர வேண்டும். இதை அளக்க ஃபோனில் சத்தம் அளக்கும் ஏதாவது ஒரு இலவச ஆப் போதும். ஃபோன் காட்டும் டெசிபல் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் ஃபோனை நகர்த்தாமல் வைத்திருந்தால் இரண்டு அளவுகளுக்கு இடையிலான வித்தியாசம் நம்பத்தக்கது, நமக்குத் தேவை அந்த வித்தியாசம்தான்.

ஃபோனைத் தம்பியின் வாயிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மேஜையில் வைத்துவிடுங்கள். ஹெட்செட்டைக் கழற்றி வைத்து, அறையில் இருக்கும் உங்களிடம் சொல்வது போல ஒரு வாக்கியத்தை நாலைந்து முறை சொல்லச் சொல்லுங்கள்: "பி சைட்ல ரெண்டு பேரு, ஒருத்தன் ஹெவன்ல இருக்கான்." மீட்டர் சராசரியாக 60 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ஹெட்செட்டை மாட்டி, டெத்மேட்ச் ஒன்றைத் தொடங்கி, வழக்கமான வால்யூமில், சைடுடோன் இல்லாமல் அதே வாக்கியம். 72 வருகிறது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்புச் சத்தமாகத் தோன்றும், ஆக வீட்டில் இருப்பவர்களுக்கு அது இரண்டு மடங்குக்கும் மேல். கேம் வால்யூமைக் கால்பங்கு குறைத்ததும் 68. சைடுடோனை 30-ல் வைத்தால் 65. 50-ல் வைத்தால் 61. 70-ல் வைத்தால் 57, ஆனால் இப்போது டிஸ்கார்டில் மெல்லிய வார்த்தைகள் வெட்டுப்படுகின்றன. இந்த உதாரணத்தில் 50-ல் நிறுத்திவிட வேண்டியதுதான். உங்களுக்கு எண்கள் வேறாக வரும், ஆனால் வரிசை இப்படித்தான் இறங்கும்.

அளக்கும்போது சைடுடோனை எவ்வளவில் வைத்திருக்கிறீர்கள் என்று தம்பிக்குச் சொல்லாதீர்கள். தெரிந்தால் வேண்டுமென்றே மெல்லப் பேசிவிடுவான், அளவு தப்பாகிவிடும். அவன் கேமில் கவனமாக இருக்கும்போது எடுக்கும் அளவுதான் சரியானது.

70-ல் நடந்ததைக் கவனியுங்கள். சைடுடோன் அதிகமானால் நல்லது என்று நினைத்து முழுக்க ஏற்றுபவர்கள் உண்டு. அப்போது பேசுபவர் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார். மூச்சும், மெக்கானிக்கல் கீபோர்டின் தட்டலும், தலைக்கு மேல் ஓடும் ஃபேனும் காதுக்குள் வந்து, எதிராளியின் காலடிச் சத்தத்தை மறைக்கும். இரண்டே நாளில் எரிச்சலாகி மொத்தமாக அணைத்துவிடுவார்கள், "சைடுடோன் வேஸ்ட்" என்றும் சொல்வார்கள். மீட்டரில் ஒன்றிரண்டு டெசிபல் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை, ஆடுபவருக்குத் தொந்தரவில்லாத அளவில் வையுங்கள். தினமும் இயக்கத்தில் இருக்கும் மிதமான சைடுடோன்தான் பயன் தரும்.

ஃபேன் இரைச்சல்தான் முக்கியத் தொல்லை என்றால், டிஸ்கார்டில் இரைச்சல் நீக்கும் வசதியைப் போட்டும் காதில் அது குறையவில்லையே என்று குழம்ப வேண்டாம். அந்த வசதி மற்றவர்களுக்குப் போகும் ஒலியைத்தான் சுத்தம் செய்கிறது. சைடுடோன் அதற்கு முன்னாலேயே ஹெட்செட்டுக்குள் பிரிந்துவிடுகிறது. ஃபேன் காற்று மைக்கில் நேராகப் படாமல் உட்காருவது, மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை போடுவது, தேவையில்லாமல் Microphone Boost ஏற்றியிருந்தால் இறக்குவது, இவைதான் வழி.

வைத்த அளவு ஒரு நாள் காணாமல் போகலாம். ஹெட்செட்டை வேறு யூஎஸ்பி துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதுச் சாதனமாக எடுத்துக்கொண்டு ஆரம்ப நிலைக்குப் போய்விடுவது உண்டு. ஒரே துளையில் செருகுங்கள். வேறு காரணமும் இருக்கலாம்: சில அழைப்பு ஆப்புகள் விண்டோஸின் மைக் அளவைத் தாமாகவே ஏற்றி இறக்கும். மைக் அளவு நீங்கள் வைத்த இடத்தில் இல்லையென்றால் அந்த ஆப்பில் தானாகச் சரிசெய்யும் வசதியை அணைத்துப் பாருங்கள். ஹெட்செட்டில் மியூட் போட்டதும் சைடுடோனும் நின்றுபோவது பழுது இல்லை. பல ஹெட்செட்டுகளில் அப்படித்தான், அதுவே நல்ல அடையாளம்: சொந்தக் குரல் காதில் கேட்டால் மைக் திறந்திருக்கிறது.

யூஎஸ்பி இல்லாமல் 3.5 மில்லிமீட்டர் பின் உள்ள ஹெட்செட் என்றால், அந்த வேலையைக் கணினியின் ஒலிச் சிப் செய்ய வேண்டும். ரியல்டெக் சிப் உள்ள சில போர்டுகளில் Speakers-இன் Levels பகுதியில் அதே Microphone ஸ்லைடர் இருக்கும், புதிய டிரைவர்களில் பெரும்பாலும் இருக்காது. அப்போது விலை குறைந்த யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர் ஒன்று வாங்கலாம், அவற்றில் பலவற்றில் இந்த வழி உண்டு. ஆனால் வாங்கும் முன் அதே மாடலை வைத்திருப்பவரிடம் அந்த ஸ்லைடர் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்பாக்ஸில் இது எளிது: எக்ஸ்பாக்ஸ் பட்டனை அழுத்தி ஆடியோ பகுதிக்குப் போனால், பொருந்தும் ஹெட்செட்டுகளுக்கு Mic monitoring என்ற ஸ்லைடர் தெரியும்.

புளூடூத் ஹெட்செட்டிலும் மொபைலில் ஆடும்போதும் பெரும்பாலும் சைடுடோன் கிடைக்காது. புளூடூத்தில் தாமதம் இன்னும் அதிகம் என்பதால் Listen to this device-ஐ அதில் தொடவே வேண்டாம். ஒரு காதை மட்டும் திறந்து வைப்பதுதான் அங்கே சிறந்த வழி. ஒரு பக்க கப்பைக் காதுக்குப் பின்னால் தள்ளினால் காற்று வழி மறுபடி திறந்துவிடும். எந்தப் பக்கம் காலடி கேட்கிறது என்று பிரித்தறிய முடியாமல் போவது அதன் விலை. கண்ணால் பார்க்கும் மீட்டரும் உதவும். நான் மேலே சொன்ன 1989 சோதனையில், வாய்ச்சொல்லுக்கு அடங்காத குரல், அளவைக் கண்ணுக்குக் காட்டியபோது அடங்கியது. இரண்டாவது திரை இருந்தால் அதில் OBS என்ற இலவச ரெக்கார்டிங் மென்பொருளைத் திறந்து மைக் மீட்டரை ஓடவிடுங்கள். சாதாரணப் பேச்சு மஞ்சள் தொடங்கும் இடத்தைத் தொட்டால் போதும், அந்த இடம் −20 டெசிபல். −9-ல் சிவப்பு தொடங்கும்.

கடைசி ரவுண்டில் ஒற்றை ஆளாக மூன்று பேரை வீழ்த்தும்போது வரும் கூச்சலை எந்தச் சைடுடோனும் தடுக்காது. அது காது கேட்காததால் வருவது இல்லை. சைடுடோன் இறக்குவது ஒரு மணி நேரம் முழுக்க ஓடும் அடிப்படைக் குரல் அளவைத்தான். ஆனால் ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும், டிவி ஓடாத அறையிலும், தம்பி அதே சத்தத்தில்தான் பேசுகிறான் என்றால் ஸ்லைடரை விட்டுவிட்டு ஒரு காது மருத்துவரிடம் கேட்கும் திறனைச் சோதித்துப் பாருங்கள்.